41 சதவீதமா, 23 லட்சமா: ஓர் அப்பளக் கம்பெனி எடுத்த முடிவு

மதுரை அவனியாபுரத்தைத் தாண்டி விமான நிலையம் போகிற பக்கம் ஓர் அப்பளக் கம்பெனி இருக்கிறது. உளுந்து மாவு பிசைவதும் தேய்ப்பதும் பழைய கட்டடத்துக்குள் நடக்கும். வெயில் இருந்தால் பின்னாலுள்ள களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பார்கள். ஒரு நாள் உற்பத்தி 800 கிலோ. களத்தை ஒட்டி 60 அடிக்கு 30 அடியில் ஒரு ஷெட் காலியாகக் கிடந்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி. சிறுதொழில்களுக்கு வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. அந்த வகையில்தான் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது.

அண்ணன், அதாவது முதலாளி, இரண்டு யோசனைகள் வைத்திருந்தார். முதலாவது, எடை பார்த்து அடுக்கி சீல் போடும் பேக்கிங் மெஷின். விலை 8 லட்சம். இப்போது கையால் பேக்கிங் செய்பவர்களில் நான்கு பேரை அப்பளம் தேய்க்கும் பக்கம் மாற்றலாம். அங்கே ஆள் பற்றாக்குறையால் தினக்கூலிக்கு வெளியாட்களைக் கூப்பிடுகிறார்கள். நாலு பேரின் தினக்கூலியைக் கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 4.48 லட்சம் மிச்சம். கரண்ட், உதிரிபாகம் என்று 48 ஆயிரம் கழித்தால் ஆண்டுக்குச் சரியாக 4 லட்சம்.

இரண்டாவது, விறகில் ஓடும் சூடான காற்று உலர்த்தி. அறை, புகைபோக்கி, தட்டு வண்டி எல்லாம் சேர்த்து 80 லட்சம். இதன் பலன் மழை நாளில்தான். வடகிழக்குப் பருவமழையில் களம் நனைந்துவிட்டால் மாவு பிசைவதையே நிறுத்திவிடுவார்கள். பாதி காய்ந்ததை பேக் செய்தால் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அப்படி ஆண்டுக்கு 90 நாள் வீணாகிறது. 90 நாள், 800 கிலோ, கிலோவுக்கு மாவும் கூலியும் போக 50 ரூபாய் என்று கணக்கிட்டால் 36 லட்சம். விறகும் உலர்த்திக்கான ஆளும் 6 லட்சம். மிச்சம் 30 லட்சம். மழைக்காலத்தில் ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதால் கூடுதல் சரக்கு விற்குமா என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

இரண்டு மெஷினுக்கும் ஆயுள் ஐந்து ஆண்டு என்றும், கடைசியில் பழைய இரும்பு விலை பூஜ்யம் என்றும் வைத்தேன். எல்லாத் தொகையும் வருமான வரிக்கு முந்தையது. ஆயுளைச் சமமாக வைத்தது வேண்டுமென்றேதான். ஒன்று மூன்று ஆண்டு, இன்னொன்று பத்து ஆண்டு என்றிருந்தால் அது வேறொரு சிக்கல். இங்கே இரண்டையும் பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: அளவு. எட்டும் எண்பதும்.

நான் போவதற்கு முன்பே ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பையன் ஒருவன் எக்செல் தாள் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் இரண்டு திட்டங்களும் ஐ.ஆர்.ஆர். வரிசையில் இருந்தன. பேக்கிங் மெஷின் 41 சதவீதம், உலர்த்தி 25.4 சதவீதம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மனதில் முடிவே எடுத்திருந்தார். "தம்பி, நூத்துக்கு நாப்பத்தொண்ணு எங்கே, இருபத்தஞ்சு எங்கே? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இந்த 41 எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஐ.ஆர்.ஆர். என்பது உள்ளார்ந்த வருவாய் விகிதம். எந்த விகிதத்தில் கழிவு செய்தால் வருங்கால வரவின் இன்றைய மதிப்பு, போட்ட முதலுக்குச் சமமாகிறதோ, அந்த விகிதம். 8 லட்சத்தை 41 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, மெஷின் தரும் 4 லட்சத்தை ஆண்டுதோறும் அப்படியே கட்டிக்கொண்டு வந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் தீரும், கையில் ஒன்றும் மிஞ்சாது. அதாவது இந்தத் திட்டம் தாங்கக்கூடிய அதிகபட்ச வட்டி அது. தாங்குதிறன் என்ற வகையில் அது உண்மையான, பயனுள்ள எண். ஆனால் எத்தனை ரூபாய்க்கு அந்த 41 என்பதை அது சொல்வதில்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் ஆயிரம் ரூபாய்க்கு மல்லி வாங்கிக் கட்டி, சாயங்காலத்துக்குள் 1,500 ரூபாய்க்கு விற்கும் அக்காவுக்கு ஒரே நாளில் 50 சதவீதம். அவரிடம் ஒரு லட்சத்தைக் கொடுத்தால் அன்று சாயங்காலம் ஒன்றரை லட்சமாகத் திரும்புமா? திரும்பாது. ஒருவர் கை கட்டும் பூ இவ்வளவுதான், அந்தத் தெருமுனையில் வாங்குபவர்கள் இத்தனை பேர்தான். சதவீதம் பெரிதாக இருப்பதற்கே முதல் சிறிதாக இருப்பதுதான் காரணம். பேக்கிங் மெஷினும் அப்படியே. ஒரு மெஷின் 800 கிலோவையும் பேக் செய்துவிடும். "41 தருதுன்னா பத்து மெஷின் வாங்கிடலாமா அண்ணே?" என்று கேட்டேன். இரண்டாவது மெஷினுக்கே வேலை இருக்காது என்பது அவருக்கு உடனே புரிந்தது.

அடுத்தது என்.பி.வி., நிகர நிகழ்கால மதிப்பு. வருங்கால வரவையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் குறைத்து, போட்ட முதலைக் கழித்தால் மிஞ்சும் தொகை அது. இதற்கு முதலில் ஒரு விகிதம் வேண்டும். பல அறிக்கைகளில் பத்து, பன்னிரண்டு என்று வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறார்கள். இங்கே பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து எடுத்தோம். உலர்த்திக்கு வங்கி 50 லட்சம், 11 சதவீதத்தில். மீதி 30 லட்சம் அண்ணனுடைய சொந்தப் பணம். அது சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களிடம் ஒன்றரை வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு, கொடுத்து வைத்திருந்தார். ஆண்டுக்கு 18. இரண்டையும் எடைபோட்டுச் சராசரி பார்த்தால் 13.6. அதை 14 என்று வைத்துக்கொண்டோம். சொந்தப் பணத்துக்கு வட்டி இல்லை என்று விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அந்தப் பணத்தை எடுத்தால் மாதாமாதம் வரும் வட்டி நின்றுபோகும். அந்த இழப்புதான் அதன் விலை.

14 சதவீதத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு ரூபாய் வந்தால் அதன் இன்றைய மதிப்பு 3.433 ரூபாய். பேக்கிங் மெஷினின் 4 லட்சத்தை இதால் பெருக்கினால் 13.73 லட்சம், 8 போக 5.73 லட்சம். உலர்த்தியின் 30 லட்சம் 102.99 லட்சமாகிறது, 80 போக 22.99 லட்சம். வட்டியெல்லாம் போக இன்றைய பணத்தில் முதலாளி கையில் கூடுவது ஒன்றில் ஐந்தே முக்கால் லட்சம், மற்றதில் கிட்டத்தட்ட 23 லட்சம். வரிசை தலைகீழாகிவிட்டது.

அந்தப் பையனின் தாளில் என்.பி.வி. எண்களும் இருந்தன, ஆனால் 5.03, 20.17 என்று தவறாக இருந்தன. காரணம் எக்செல்லின் NPV சூத்திரம். அது கொடுக்கும் முதல் தொகையை இன்றைக்கு என்று எடுத்துக்கொள்ளாது, ஓராண்டு கழித்து என்றே எடுத்துக்கொள்ளும். அவன் முதலீட்டையும் அதே வரிசைக்குள் கொடுத்திருந்தான். அதனால் எல்லாம் ஓராண்டு தள்ளிப்போய் 1.14-ஆல் வகுபட்டுவிட்டது. முதலீட்டை வெளியே வைத்துக் கூட்ட வேண்டும். B2-இல் முதலீடு கழித்தல் குறியோடும், C2 முதல் G2 வரை ஐந்து ஆண்டு வரவும் இருந்தால்:

```
=NPV(14%,C2:G2)+B2
=IRR(B2:G2)
```

IRR-க்கு முதலீட்டையும் வரிசைக்குள் கொடுக்க வேண்டும், NPV-க்குக் கூடாது. குழப்பம் அங்கேதான் நுழைகிறது. சரியா என்று பார்க்க ஒரு வழி: வந்த ஐ.ஆர்.ஆர்.-ஐ முதல் சூத்திரத்தில் 14-க்குப் பதிலாகப் போட்டால் விடை பூஜ்யம் வர வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். தவறான சூத்திரத்திலும் இந்தச் சோதனை பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யமே. விகிதத்தில் 0% போட்டால் வெறும் கூட்டல் கழித்தலின் விடை வர வேண்டும். அதுவும் இந்தப் பிழையைப் பிடிக்காது. பிடிப்பது ஒன்றுதான்: 3.433 போன்ற காரணியைக் கையால் பெருக்கி ஒப்பிடுவது. பையனின் பிழை அப்படித்தான் என் கண்ணில் பட்டது.

அண்ணனுக்கு 23 லட்சம் என்ற எண் பிடித்திருந்தாலும் 41-ஐ விட மனமில்லை. அப்போது கல்லாவில் இருந்த மதினி கேட்ட கேள்விதான் விஷயத்தைத் திறந்தது. "தம்பி, எட்டு லட்சத்துக்கு நாப்பத்தொண்ணு சரி. மிச்ச எழுபத்திரண்டு லட்சம் என்ன பண்ணும்? அது எங்கே போகும்?"

இதைத்தான் கூடுதல் முதலீட்டு முறை என்பார்கள். பெரிய திட்டத்திலிருந்து சிறியதைக் கழித்துவிட வேண்டும். உலர்த்திக்குப் போவதென்றால் கூடுதலாகப் போடுவது 72 லட்சம், கூடுதலாக வருவது ஆண்டுக்கு 26 லட்சம். இந்த வித்தியாசத்துக்கு மட்டும் ஐ.ஆர்.ஆர். பார்த்தால் 23.6 சதவீதம். இப்போது ஒப்பிட வேண்டியது 23.6-ஐயும் 41-ஐயும் அல்ல, 23.6-ஐயும் பணத்தின் விலையான 14-ஐயும். அந்த 72 லட்சம் தன் விலையைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறது, ஆகவே அதைப் போடுவது லாபம். அந்த வித்தியாசத்தின் என்.பி.வி. 17.26 லட்சம். 22.99-இலிருந்து 5.73-ஐக் கழித்தாலும் அதே 17.26. ஐ.ஆர்.ஆர்.-ஐச் சரியான இடத்தில் கேட்டால் அதுவும் என்.பி.வி. சொல்வதையே சொல்கிறது.

கழிக்கும்போது எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். அப்போதுதான் வரிசை முதலீட்டில் தொடங்கும். மாற்றிக் கழித்தால் அதே 23.6 தான் வரும், ஆனால் அது கடன் வாங்குவது போன்ற வரிசை. முதலில் பணம் வந்து பிறகு போகும். அங்கே விகிதம் குறைவாக இருப்பதே நல்லது. எந்தப் பக்கமிருந்து கழித்தோம் என்பதை மறந்துவிட்டு உயர்ந்தது நல்லது என்று படித்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

பாடத்தில் படித்தவர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: ஐ.ஆர்.ஆர். முறை இடையில் வரும் பணத்தை அதே 41-க்கே மறுமுதலீடு செய்வதாக அனுமானிக்கிறது, அதனால்தான் தவறுகிறது என்று. இந்தச் சிக்கலுக்கு அது காரணமே அல்ல என்பது என் கருத்து. இடையில் எந்தப் பணமும் வராமல், ஓராண்டு கழித்து ஒரே ஒரு வரவு மட்டும் தரும் இரண்டு திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 8 லட்சம் போட்டு 12 லட்சம் வருவது 50 சதவீதம். 80 லட்சம் போட்டு 104 லட்சம் வருவது 30 சதவீதம். மறுமுதலீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆனாலும் 14 சதவீதத்தில் பெரியது ஏறக்குறைய 11.2 லட்சமும் சிறியது ஏறக்குறைய 2.5 லட்சமும் தருகின்றன. காரணம் அளவுதான்.

இந்த 23.6-க்கு இன்னொரு பயன் உண்டு. அது இரண்டு திட்டங்களும் சமமாகும் விகிதம். பணத்தின் விலை அதற்குக் கீழே இருக்கும்வரை உலர்த்தி மேல், அதைத் தாண்டினால் பேக்கிங் மெஷின் மேல். நம் ஊரில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. வங்கிக் கடன் தாமதமானால் பலர் ரெண்டு வட்டிக்கு வாங்கிவிடுகிறார்கள். மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 என்று வாயால் சொல்கிறோம். மாதாமாதம் கட்டுவதால் கூட்டு வட்டியில் அது 26.8 ஆகிறது. முழுப் பணமும் அந்த வட்டிக்கு வந்தால் உலர்த்தியின் என்.பி.வி. கழித்தல் 2.2 லட்சம், அதாவது நஷ்டம். பேக்கிங் மெஷின் அப்போதும் 2.4 லட்சம் தருகிறது. 14-இல் 23 லட்சம் தந்த அதே உலர்த்திதான். ஆகவே அண்ணனிடம் "உலர்த்தி நல்லது" என்று மொட்டையாகச் சொல்லவில்லை. பணம் இந்த விலைக்கு வந்தால் நல்லது என்று சொன்னேன்.

இந்த எண்கள் எல்லாம் நிற்பது 90 நாள் என்ற ஒரே காலில். அதைச் சோதிக்காமல் அறிக்கை எழுத எனக்கு மனமில்லை. மதினி உள்ளே போய்க் கூலிப் பதிவேடுகளை எடுத்துவந்தார். நீளமான நோட்டு, ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். வேலை நடக்காத நாளில் கட்டங்களின் குறுக்கே மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாக இழுத்து 'மழை' என்று எழுதியிருந்தார். கோடுகளை எண்ணினோம். கடந்த மூன்று ஆண்டுகளில் 94, 81, 95. சராசரி 90.

பிறகு கணக்கைப் பின்பக்கமிருந்து போட்டோம். உலர்த்தி ஒரு மழை நாளுக்கு 33 ஆயிரத்துச் சொச்சம் தருகிறது. உலர்த்தியும் பேக்கிங் மெஷினும் சமமாக ஆண்டு வரவு 25 லட்சமாகக் குறைய வேண்டும், அதாவது 75 மழை நாள். உலர்த்தி தன் முதலையே எடுக்காமல் போக 70 நாளுக்குக் கீழே இறங்க வேண்டும். மூன்றில் மோசமான 81 நாள் ஆண்டும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் இடைவெளி வெறும் ஆறு நாள். பேக்கிங் மெஷினின் 4 லட்சம் 2.33 லட்சம் வரை, நூற்றுக்கு 42 பங்கு குறைந்தாலும் தாங்கும். உலர்த்தி 22 பங்கு குறைந்தாலே பூஜ்யத்துக்கு வந்துவிடும். உயர்ந்த ஐ.ஆர்.ஆர். உண்மையிலேயே சொல்லவரும் செய்தி இதுதான்: தவறு நேர்ந்தால் தாங்கும் இடம் எவ்வளவு என்பது. அதை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதுதான் தவறு.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது நினைவிருக்கும். பரணிலிருந்து அந்த ஆண்டு நோட்டையும் இறக்கச் சொன்னேன். 58 கோடுகள். உலர்த்தி வாங்கிய முதல் ஆண்டே அப்படியொரு ஆண்டானால் என்.பி.வி. 22.99-இலிருந்து 13.6 லட்சமாகக் குறையும், அப்போதும் சிறியதைவிட மேல். முதல் இரண்டு ஆண்டும் அப்படியே அமைந்தால் 5.4 லட்சம். பேக்கிங் மெஷினின் 5.73-க்கு ஒரு பிடி கீழே. தொடர்ந்து இரண்டு பஞ்ச ஆண்டுகள் வந்தாலும் முதல் மூழ்கவில்லை என்பது அண்ணனுக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டையும் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்ய முடிந்தால் செய்ய வேண்டும். இரண்டின் என்.பி.வி.-யும் கூட்டல் குறியில் இருக்கும்போது வரிசைப்படுத்தும் வேலையே இல்லை. இங்கே தடை அந்த ஷெட். உலர்த்தி முழு ஷெட்டையும் எடுத்துக்கொள்ளும். பேக்கிங் மெஷினை விறகுப் புகையும் ஈரமும் உள்ள இடத்தின் பக்கத்தில் வைக்க முடியாது, பழைய கட்டடத்தில் இடமும் இல்லை. பண மூட்டை மட்டும் சின்னதாக இருந்து, போட நிறைய சிறு திட்டங்கள் வரிசையில் நின்றிருந்தால் போட்ட ரூபாய்க்கு எவ்வளவு என்ற விகிதத்தைப் பார்த்துப் பொறுக்கலாம். அந்த விகிதத்திலும் பேக்கிங் மெஷின்தான் மேல், 1.72-க்கு 1.29. ஆனால் அந்த முறைக்கு அர்த்தம் இருக்க, மிச்சப் பணத்துக்கு அதே தரத்தில் வேறு இடம் இருக்க வேண்டும். இங்கே இருந்த ஒரே வேறு இடம் ஒன்றரை வட்டி.

வங்கி கடைசியில் 50 லட்சத்துக்குப் பதில் 35 லட்சம்தான் அனுமதித்தது. குறைந்த 15 லட்சத்துக்கு அண்ணன் ரெண்டு வட்டியில் ஏற்பாடு செய்தார். அதை 26.8 என்று எடுத்துச் சராசரி விகிதத்தை மறுபடி போட்டோம். 16.6 வந்தது, 17 என்று வைத்தோம். உலர்த்தி 16 லட்சம், பேக்கிங் மெஷின் 4.8 லட்சம். வரிசை மாறவில்லை. அண்ணன் உலர்த்திக்கு முன்பணம் கொடுத்தார். அந்த ரெண்டு வட்டிக் கடன் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஏனென்றால் முதலில் அடைக்க வேண்டியது அந்த 15 லட்சம், வங்கிக் கடன் அல்ல.

பேக்கிங் இப்போதும் கையால்தான் நடக்கிறது. மதினி கூலிப் பதிவேட்டில் 'மழை' என்று கோடு இழுப்பதை விட்டுவிட்டார். அந்த நாளில் உலர்த்தியில் எத்தனை கிலோ இறங்கியது என்று அதே கட்டத்தின் அடியில் எழுதுகிறார். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 75 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். பொங்கலுக்குள் எண்ணிக்கை அதைத் தொட்டதா என்று பார்ப்பதற்கு.